வண்டு வந்தால் நல்ல அரிசியா?

"எங்க அரிசியில மருந்து இல்ல, அதனாலதான் வண்டு வருது. வண்டே தொடாத அரிசியை நீங்க சாப்பிடலாமா?"

இந்த வாசகத்தை நம்ம வட்டாரத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. நானே இரண்டு கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு நின்றபோது சொல்லியிருக்கிறேன், கூட்டமும் தலையாட்டியது. ஆனால் போன வருஷம் ஜூலையில் ஒரு அம்மா போன் போட்டு, "அய்யா, பாக்கெட்டைப் பிரிச்சா வண்டு ஓடுதுங்கய்யா, பேரப்பிள்ளை தட்டுல விழுந்துருச்சு" என்றபோது இந்த வாசகம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்த சிறு குழு. காளவாசல் பக்கம் ஒரு சின்னக் கடையும், அதன் பின்னால் ஒரு குடோனும் வைத்திருக்கிறோம். சோழவந்தான், செக்கானூரணி பக்கமிருந்து நெல், பயறு, எண்ணெய் வித்து வருகிறது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கு நோட்டு என் தலையில் விழுந்தது. புகார் வந்ததும் அந்த நோட்டோடு உட்கார்ந்தேன். மூன்று நாளில் அதே மாப்பிள்ளைச் சம்பா பற்றி ஆறு வீட்டிலிருந்து புகார் வந்திருந்தது.

அன்று மாலை குழுவின் இளைஞர்கள் ஓர் அறிவிப்பு எழுதிக் கொண்டுவந்தார்கள். 'எங்கள் பொருட்களில் எந்த ரசாயனமும் இல்லை. ஆகவே இயற்கையாக வண்டு வருவது இயல்பே. வாங்கிய பின் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தவும்' என்று அழகாக வடிவமைத்திருந்தார்கள். மூலையில் பச்சை இலை வேறு.

இதைப் போடக் கூடாது என்றேன். எதற்கு என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

2003 அக்டோபர், தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருக்கிறது என்று வாங்கியவர்கள் புகார் கொடுத்தார்கள். மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறை சரக்கைப் பறிமுதல் செய்தது. அப்போது கம்பெனி சொன்ன முதல் பதில், எங்கள் ஆலையில் புழு வர வாய்ப்பே இல்லை, கடைக்காரர்கள் சரியாகப் பாதுகாக்காமல் வைத்ததுதான் காரணமாக இருக்கும் என்பது. அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. கடையில்தான் நுழைந்தது என்றே வைத்துக்கொள்வோம், புழு நுழையும்படி உறை இருந்தது யார் குற்றம் என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பண்டிகைக் காலத்தில் விற்பனை சுமார் 30 சதவீதம் விழுந்ததாகச் செய்தி வந்தது. பிறகு கம்பெனி, பெட்டிக்கடை முதல் பெரிய கடை வரை ஏறத்தாழ 1,90,000 கடைகளில் சரக்கு எப்படி வைக்கப்படுகிறது என்று பார்க்க ஆள் அனுப்பியது. 2004 ஜனவரியில் சூட்டால் ஒட்டி மூடிய புது உறையைக் கொண்டுவந்தது. அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து நின்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கவனியுங்கள். உறையை மாற்றியதே, உறையில் குறை இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட மாதிரிதான். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். கடைக்காரனைக் காட்டிய அந்த விரலும், 'இயற்கை என்றால் வண்டு வரத்தான் செய்யும்' என்று காட்டும் நம்ம விரலும் ஒரே கையில் இருப்பவை.

வண்டு நல்ல அரிசிக்குச் சான்று என்ற பேச்சே பாதிதான் உண்மை. தவிடு நீக்காத அரிசியை வண்டு விரும்பும், சரி. ஆனால் தீட்டிய ரேஷன் அரிசியிலும்தான் வண்டு ஓடுகிறது. அதற்கு யார் இயற்கைச் சான்று கொடுத்தது? இன்னொன்று, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் புழு, வண்டு, பூச்சி பிடித்த உணவைப் 'பாதுகாப்பற்ற உணவு' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. இயற்கை விவசாயம் என்பதற்காக அந்த வரியில் நமக்கு விலக்கு கிடையாது. அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பொருளில் குறை என்று தெரிந்தால் உடனே திரும்பப் பெற வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும், அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் 'காரணம்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காரணம் தெரியாமல் அறிவிப்பு எழுத முடியாது.

எங்கள் நோட்டில் இருந்தது இதுதான். ஜூன் 10 அன்று நெல்லை அரைத்து 400 கிலோ அரிசி வந்தது. அரிசியைச் சாக்கில் கட்டி குடோனில் வைத்தோம். பேக்கிங் பை வரத் தாமதமாகி, ஜூலை 2-ஆம் தேதிதான் சலித்து ஐந்து கிலோ பாக்கெட்டுகள் 80 போட்டோம். முதல் புகார் ஜூலை 19.

அரிசியில் வருகிற கூன்வண்டின் வேலை எப்படி என்றால், பெண் வண்டு மணியில் சின்னத் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசை போல ஒன்றால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகித்தான் வெளியே வரும். நம்ம ஊர்ச் சூட்டில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சலிக்கும்போது ஓடுகிற வண்டு விழுந்துவிடும். மணிக்குள் இருப்பது விழாது, கண்ணுக்கும் தெரியாது. அன்று அரிசி சுத்தமாகத்தான் இருந்தது என்று பேக்கிங் செய்த பெண்கள் சொன்னது பொய்யில்லை.

இப்போது தேதியை எண்ணிப் பாருங்கள். பேக்கிங் முடிந்து 17 நாளில் வண்டு ஓடுகிறது. ஒரு மாதத்தைப் பின்னோக்கி எண்ணினால் முட்டை வைத்தது ஜூன் நடுவில். அப்போது அரிசி வாடிக்கையாளர் சமையலறையில் இல்லை, எங்கள் குடோனில் சாக்குக்குள் இருந்தது. சாக்குகளை உதறிப் பார்த்தோம். முந்தின வருஷம் சோளம் வைத்திருந்த பழைய சாக்குகள். தையலுக்குள் வண்டு. வெயிலில் போட்டு அடித்திருக்க வேண்டும், போடவில்லை. நெல்லாகவே வைத்திருந்தால்கூட உமி ஓரளவு காத்திருக்கும். அரைத்த அரிசியை 22 நாள் அந்தச் சாக்கில் வைத்தது எங்கள் தப்பு.

வங்கியில் சாயங்காலம் கேஷ் குறைந்தால் முதலில் நம்ம கட்டைத்தான் எண்ண வேண்டும். வந்தவர் சரியாக எண்ணவில்லை என்று தொடங்குகிற காசாளரை எந்த மேனேஜரும் நம்பமாட்டார்.

கடைசியில் போட்ட அறிவிப்பு இது:

'ஜூலை 2 பேக்கிங் தேதியிட்ட மாப்பிள்ளைச் சம்பா ஐந்து கிலோ பாக்கெட்டுகளில் வண்டு இருப்பதாக ஆறு வீட்டார் தெரிவித்தனர். எங்களிடம் மீதமிருந்த பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம், அவற்றிலும் இருந்தது. பழைய சாக்கில் 22 நாள் வைத்ததால் வந்தது. தவறு எங்களுடையது, விளைவித்தவருடையது அல்ல. இந்தத் தேதியில் 80 பாக்கெட் போட்டோம், 57 விற்றது. தயவுசெய்து சமைக்க வேண்டாம். பில் இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள், பணம் தருகிறோம். வர முடியாதவர் போன் செய்தால் நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். மற்றத் தேதிகளின் பாக்கெட்டுகளில் இதுவரை புகார் இல்லை.'

'80 போட்டோம், 57 விற்றது' என்ற வரியை எடுத்துவிடச் சிலர் சொன்னார்கள், நம்ம குட்டு வெளிப்படும் என்று. எண்ணைச் சொல்லாவிட்டால் படிக்கிறவர் மனதில் எண்ணுக்கு எல்லையே இருக்காது, எங்கள் எண்ணெய், பயறு எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். 2025 ஜனவரியில் பதஞ்சலி நிறுவனம், பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருந்ததால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவுப்படி மிளகாய்த் தூளைத் திரும்பப் பெற்றது. அப்போதுகூட ஒரே பேட்ச், 200 கிராம் பாக்கெட், மொத்தம் 4 டன் என்ற விவரம் வெளியில் வந்தது. அந்த மிளகாய்த் தூளைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும். பேட்ச் எண் இல்லாத ஊரில் இப்படி ஒரு வரியைக்கூட எழுத முடியாது.

பில் புத்தகத்தில் 45 பேருடைய போன் எண் இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டோம். 31 பாக்கெட் திரும்பி வந்தது. 14 வீட்டில் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அதில் ஒருவர், "எங்க பாக்கெட்ல ஒண்ணும் இல்லையேண்ணே" என்றார், அதுவும் நடக்கும். மீதி 12 பாக்கெட், பெயர் எழுதாமல் கடையில் கைமேல் விற்றவை. கடை வாசலில் அறிவிப்பை ஒட்டியும் அவர்கள் வரவில்லை. திரும்பியதும் மீதமிருந்ததும் சேர்த்து 25,650 ரூபாய் போனது. சலித்து மறுபடி விற்கலாம் என்று ஒருவர் சொன்னார். மணிக்குள் இருக்கும் புழுவைச் சலிக்க முடியாது என்று மேலே சொன்னேனே. மாட்டுக்குப் போட்டோம்.

எல்லாப் புகாருக்கும் நாம்தான் காரணம் என்று சொல்லவில்லை. பாக்கெட்டைப் பிரித்து இரண்டு மாதம் பழைய டப்பாவில் வைத்திருந்த வீடும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான். ஒவ்வொரு பேட்ச்சிலும் அரை கிலோ எடுத்து, கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி, தேதி எழுதி 45 நாள் குடோனிலேயே வைப்பது. பாட்டிலுக்குள் வண்டு வந்தால் பேச்சே இல்லை, அது நம்முடையது. பாட்டில் சுத்தமாக இருந்து, ஒரே ஒரு வீட்டில் மட்டும் புகார் என்றால், நிதானமாக, குற்றம் சாட்டாமல் விளக்கலாம். பாக்கெட்டையும் மாற்றிக் கொடுத்துவிடலாம். எங்களிடம் அப்போது இந்தப் பாட்டில் இல்லை. தேதிக் கணக்கு கைகொடுத்தது அதிர்ஷ்டம். புகார் 17-ஆம் நாளில் இல்லாமல் 50-ஆம் நாளில் வந்திருந்தால் நோட்டு எதையும் சொல்லியிருக்காது.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. அந்த நெல்லை விளைவித்தது சோழவந்தான் பக்கத்துக் கணவன் மனைவி. விற்ற பிறகு பணம் என்பது எங்கள் வழக்கம். அவர்கள் பங்கிலும் பிடித்தம் செய்யணும் என்று சிலர் வாதாடினார்கள். சரக்கு யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் நஷ்டத்தைத் தாங்கணும் என்பது என் கட்சி. அறிவிப்பில் விளைவித்தவர் தவறல்ல என்று அச்சடித்துவிட்டு நோட்டில் அவர் பணத்தைக் குறைக்க முடியுமா? முழுப் பணமும் கொடுத்தோம். பதினான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். இருவர் இன்னும் தங்கள் பங்கைத் தரவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. இந்தப் போக நெல் அடுத்த வாரம் அரவைக்குப் போகிறது. புதுச் சாக்கு வாங்கியாகிவிட்டது. பேக்கிங் பை வந்து இறங்கிய பிறகுதான் மில்லுக்கு வண்டி கிளம்பும்.