கையெழுத்து மட்டும் போட்ட காசோலை: கண்டியில் கடன் வாங்குவோர் கொடுக்கும் விலை

வடக்கில் கடன் என்றதும் நுண்கடன் நிறுவனங்களும் வாராந்தக் கூட்டங்களும் நினைவுக்கு வருகின்றன. நான் வாழும் கண்டிப் பக்கத்தில் சிறு வியாபாரிகளைப் பிடித்திருக்கும் கயிறு வேறு. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ கடை வைத்திருப்பவர் தனியாரிடம் கடன் கேட்டால், தொகையும் திகதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த காசோலை ஒன்றைத் தரச் சொல்கிறார்கள். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான்" என்பதே அங்கே சொல்லப்படும் சமாதானம். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து கடனோடு தொழிலைத் திரும்பத் தொடங்கிய எவருக்கும், எந்த ஊரில் இருந்தாலும், இதே சட்டம்தான் பொருந்துகிறது.

நான் அடிக்கடி கேட்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "தொகையை நான் எழுதவில்லை, எழுத்து என்னுடையதில்லை, ஆகவே வழக்கு நிற்காது" என்பதே அது. இது தவறு. 1927ஆம் ஆண்டின் உண்டியல்கள் கட்டளைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நிரப்புவதற்கென்று கையெழுத்திட்டுக் கொடுக்கப்பட்ட வெற்றுத்தாள், அதை நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும். நியாயமான காலத்துக்குள், ஒத்துக்கொண்டபடிதான் நிரப்ப வேண்டும் என்று அதே பிரிவு சொல்வது உண்மை. ஆனால் என்ன ஒத்துக்கொண்டோம் என்பதைக் காட்ட வேண்டிய சுமை நடைமுறையில் கையெழுத்திட்டவர் தலையில் விழுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 3 இலட்சம் ரூபாவை மாதம் 5 வீத வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 15,000 ரூபா வீதம் 14 மாதங்கள் காசாகக் கொடுக்கிறார். அது 2 இலட்சத்து 10 ஆயிரம். பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. பிறகு தவணை தவறுகிறது. கடன் கொடுத்தவர் காசோலையில் 9 இலட்சம் என்று எழுதி வங்கியில் போடுகிறார். கணக்கில் பணம் இல்லாததால் அது திரும்பி வருகிறது.

இனி இரண்டு வழிகள் திறக்கின்றன. முதலாவது மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறை. காசோலையும் வங்கியின் திருப்பல் குறிப்பும் சத்தியக்கடதாசியும் இருந்தால் வழக்குத் தொடங்கிவிடலாம். எதிராளி தன்னிச்சையாக வாதாட முடியாது. அழைப்பாணையில் குறித்த காலத்துக்குள் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். அவரிடம் சொல்ல வலுவான காரணம் இல்லையென்றால், அந்தத் தொகையை வைப்புச் செய் அல்லது பிணை கொடு என்று நிபந்தனை விதிக்கப்படலாம். அழைப்பாணையை அலட்சியம் செய்தால் தீர்ப்பு எதிராகப் போய்விடும்.

இரண்டாவது நீதவான் நீதிமன்றம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டம், பணம் இல்லை என்று அறிந்தே காசோலை கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா மற்றும் காசோலைத் தொகையின் 10 வீதம் ஆகியவற்றில் கூடியது தண்டம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. நமது உதாரணத்தில் தண்டமே 90,000 ஆகிறது. "அறிந்தே" என்ற சொல்தான் இங்கே பாதுகாப்பு. பணம் இல்லை என்பது கொடுத்தவருக்கும் தெரிந்துதான் காசோலையை பிணையாக வாங்கினார் என்று காட்டினால் வழக்குப் பலவீனமாகும். ஆனாலும் அதைச் சொல்ல நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நமது சட்டத்தில், வழக்கில் வட்டியாகக் கோரும் தொகை முதலை விஞ்சக்கூடாது. 3 இலட்சத்துக்கு வட்டி எவ்வளவு ஏறினாலும் மொத்தம் 6 இலட்சத்தைத் தாண்டாது. ஆனால் வெற்றுக் காசோலையில் வட்டி என்ற சொல்லே இல்லை. 9 இலட்சமும் முதலாகவே தோன்றும். அந்த எல்லையை மறைப்பதற்குத்தான் வெற்றுக் காசோலை இவ்வளவு வசதியாக இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கட்டளைச் சட்டம், கடனுக்குப் பிணையாகத் தொகை எழுதாத வாக்குறுதிச் சீட்டை வாங்குவதையே குற்றமாகக் கருதியது. காசோலைக்கு மாறியதன் நோக்கத்தை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கொடுக்காமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் கடன் தொகையை நீங்களே எழுதுங்கள், பெறுபவரின் பெயரை எழுதுங்கள். இரண்டு குறுக்குக் கோடுகளுக்கிடையில் "நொட் நெகோஷியபிள்" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்போது காசோலை மூன்றாமவர் கைக்குப் போனாலும், முதலில் வாங்கியவரைவிடக் கூடிய உரிமை அவருக்குக் கிடைக்காது. காசோலை இலக்கம், கடன் தொகை, வட்டி, பிணைக்காக மட்டும் என்ற வரி ஆகியவற்றோடு ஒரு கடிதத்தில் அவரின் கையெழுத்தை வாங்குங்கள். காசோலையை தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். தவணையை வங்கி மூலம் செலுத்துங்கள்.

ஏற்கெனவே வெறுமையாகக் கொடுத்துவிட்டவர்கள், கட்டிய திகதிகளையும் தொகைகளையும் இன்றே எழுதி வைத்து, காசோலை இலக்கத்தைக் குறிப்பிட்டு அதைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். வங்கியில் நிறுத்தச் சொன்னால் பணம் போகாது, ஆனால் வழக்கு வராது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. அழைப்பாணை வந்தால் அதே நாளில் சட்டத்தரணியிடம் அல்லது சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். இந்த வழக்குகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் நியாயம் இல்லாதவர்கள் அல்லர், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவர்கள்.