பட்டம் தாய்க்கு, வழக்கு மகன்மீது

மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்று 2025 நவம்பர் 4 அன்று வத்திக்கான் குறிப்பு வெளியிட்டாலும் வெளியிட்டது, வில்லியனூர் தேரைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் "மாதாவைக் குறைத்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பித் தள்ளிவிட்டார்கள். பட்டம் தாய்க்கு என்றாலும் விசாரணை மகனைப் பற்றியது என்பது இவர்களுக்கு ஏன் உறைப்பதில்லை?

மரியாளின் பழைய பட்டம் ஒன்றிலும் இதே கதைதான். சம்பா கோவிலில் பழைய பாட்டிமார் 'சர்வேசுரனுடைய மாதாவே' என்று செபிப்பார்கள். அந்த அழைப்பை உறுதிசெய்தது 431ஆம் ஆண்டின் எபேசு சங்கம். கிரேக்கத்தில் 'தெயோதோக்கோஸ்', கடவுளைப் பெற்றவள். கான்ஸ்டாண்டிநோபிள் பேராயர் நெஸ்தோரியுஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆதியும் அந்தமும் இல்லாதவருக்குத் தாய் ஏது, 'கிறிஸ்துவைப் பெற்றவள்' என்றால் போதும் என்றார். அடக்கமான பேச்சுதான். ஆனால் அலெக்சாந்திரியாவின் சிரில் அதிலிருந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். தொட்டிலில் கிடந்தவர் ஒருவர், கடவுளின் மகன் இன்னொருவர் என்றாகிவிட்டால், சிலுவையில் செத்தது வெறும் மனிதர். அந்தச் சாவால் யாருக்கு என்ன மீட்பு?

சிரிலின் உவமை நம் தெருவிலேயே கிடைக்கும். பிள்ளைக்கு உடலைத்தான் தாய் தருகிறாள், ஆன்மாவைத் தருபவர் கடவுள். அதற்காக எந்தப் பெண்ணையாவது "உடலின் தாய்" என்கிறோமா? டாக்டரைப் பார்த்து, "இவரை அந்த அம்மா டாக்டராகவா பெற்றாள்?" என்று கேட்பவரை என்ன சொல்வது? தாய் பெறுவது ஆளை. ஆளின் பாகத்தை அல்ல. இது புரியாமல் 'எல்லாம் சொல் விளையாட்டு' என்பவர்களோடு பேசிப் பயனில்லை.

சிரில் அவசரக்காரர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெஸ்தோரியுஸின் பக்கம் நின்ற அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்பே ஜூன் 22 அன்று சங்கத்தைக் கூட்டி, ஒரே நாளில் நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கினார். நான்கு நாள் கழித்து வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலை நீக்கினார்கள். அதன்பின் எதிர்த்திசையிலும் ஆபத்து வந்தது. மனிதத்தன்மை கடவுள்தன்மையில் கரைந்துபோனது என்பதுபோல் எயுத்திக்கேஸ் என்ற துறவி பேசினார். பசியும் கண்ணீரும் வேஷம் என்றால் நம் பசிக்கு அங்கே இடமில்லை. ஆகவே 451இல் கால்செதோன் சங்கம் ஆள் ஒருவர், இயல்பு இரண்டு, கலப்பும் இல்லை, பிரிவும் இல்லை என்று முடித்தது. சிரிலின் சீடர்களில் பலர் அதையும் ஏற்கவில்லை.

நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கிய அந்த ஒரு நாள் அவசரத்துக்கு விலை கொடுத்தது, அவரைச் சபிக்காத கிழக்குத் திருச்சபையோடு உறவு கொண்டிருந்த கேரளம். 1599இல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசஸ் கூட்டிய சங்கம் நெஸ்தோரியுஸைச் சபித்து, சிரியாக் ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் உத்தரவிட்டது. 1994இலோ இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கின் அசீரியத் திருச்சபைத் தலைவர் மார் தின்காவும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள்: 'கடவுளின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' இரண்டும் சரியே, நம்பிக்கை ஒன்றே. எரிந்துபோன ஏடுகளுக்கு இது 395 ஆண்டு தாமதம்.