பங்களாவைத் தொடாத "லிமிடெட்"

குற்றாலத்தில் ஒரு டைரக்டருக்குப் பங்களா. தென்காசியில் அவர் கம்பெனியின் மில் பூட்டிக் கிடக்கிறது, கூலிப் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்களாவை ஜப்தி செய்யலாமா என்று தொழிலாளி கேட்டால், "கடன் கம்பெனியுடையது, பங்களா அவர் சொந்தப் பேரில் இருக்கிறது" என்று வக்கீல் சொல்வார். "லிமிடெட்" என்ற சொல்லின் வேலை இதுதான்.

இந்த ஏற்பாடே அக்கிரமம் என்று நாம் சொல்லவில்லை. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது. பங்குப் பணத்தை முழுக்கக் கட்டியவருக்கு 25 ரூபாய் போயிற்று. வீடு வாசல் போகவில்லை. சிறு பங்குதாரருக்கு இந்தக் காப்பு நியாயமே.

ஆனால் மில்லை நடத்தும் டைரக்டர் சிறு பங்குதாரரா? வங்கி அவரை அப்படிப் பார்ப்பதில்லை. கடன் கொடுக்கும்போதே அவரிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொள்கிறது. கம்பெனி திவாலானாலும் அந்த ஜாமீன் தீராது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மில்லை விற்றுச் செலவு போக நிற்பது 2 கோடி. வங்கிக்குப் பாக்கி 8 கோடி, தொழிலாளருக்கு 2 கோடி. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கியோடு சம வரிசையில் நிற்கும். ரூபாய்க்கு 20 காசு வீதம் வங்கிக்கு 1 கோடியே 60 லட்சம், தொழிலாளருக்கு 40 லட்சம். மீதிக்கு வங்கி ஜாமீனைக் காட்டிப் பங்களாவுக்குப் போகும். தொழிலாளி எங்கே போவார்? பருத்தி கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்கும் விவசாயி அந்த வரிசையிலும் பின்னால்தான் நிற்கிறார்.

ஆகவே "லிமிடெட்" என்ற சுவர் முன்கூட்டியே ஜாமீன் கேட்கும் பலம் இல்லாதவனைத்தான் தடுக்கிறது.

அந்தச் சுவரிலும் இரண்டு வாசல்கள் உண்டு. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தியது நிரூபணமானால், தெரிந்தே அதில் பங்குகொண்ட டைரக்டரைச் சொந்தப் பொறுப்பாளியாக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நம் சம்பளத்தில் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாமல் விழுங்கினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பொறுப்பில் இருந்தவர் கம்பெனியின் பேருக்குப் பின்னால் ஒளிய முடியாது. பி.எப்., கிராஜுவிட்டி நிதிகளில் நமக்குச் சேர வேண்டியதைத் திவால் சொத்தோடு சேர்த்துப் பங்கு போடவும் கூடாது.

தோழர்களே! மில் நின்ற பிறகு விழிப்பதில் பயனில்லை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் பிடித்த தொகையையும் பி.எப். கணக்கில் ஏறிய தொகையையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு மாதம் ஏறாவிட்டால் சங்கத்தில் சொல்லி எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் ஜாமீனைக் கூலிக்கும் டைரக்டர் எழுதிக் கொடுக்கச் சட்டம் வேண்டும். நாம் கேட்பது அவ்வளவே.