எழுமாற்று என்னும் ஏமாற்று

நமது ஆய்வேடுகளின் முறையியல் அத்தியாயத்திலே தவறாது இடம்பெறும் பந்தியொன்று உண்டு. “நூறு பேர் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்டனர், வினாக்கொத்து முன்னோடிப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது” என்பதே அதன் சாரம். நடந்தது யாது என்பதை இவ்வசனம் கூறுவதில்லை, மறைக்கின்றது. பிறரைக் குறைகூறுமுன் எனது ஆய்வேட்டின் முதல் வரைவையே சான்றாகக் கொள்கிறேன்.

கலைப்பீட மாணவரின் வாசிப்புப் பழக்கம் எனது ஆய்வுப்பொருள். நூலக வாயிலிலே நின்று, வந்தோர்க்கெல்லாம் வினாக்கொத்தை வழங்கிவிட்டு, ‘எழுமாற்று’ என எழுதினேன். நூலகத்தை நாடாதவருக்கு அம்மாதிரியிலே இடமே இல்லை. எழுமாற்று என்பது கண்டவரிடம் கொடுப்பதன்று; ஆய்வுக்குரிய ஒவ்வொருவரும் தெரிவாகும் வாய்ப்பு முன்கூட்டியே கணிக்கத்தக்கதாய் இருத்தலாகும். தொகையைப் பெருக்கினால் இக்குறை தீரும் என்போர் 1936ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை நினைவுகூர்க. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டியும், லாண்டன் வெல்வார் எனக் கூறித் தவறியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார்.

பின்னர் மாணவர் பெயர்ப்பட்டியலைப் பெற்றேன். அதில் 600 பெயர்கள் இருந்தன. எனக்கு வேண்டியவை 100. ஒன்று முதல் ஆறு வரை எழுதிக் குலுக்கியதில் 4 வந்தது. 4, 10, 16 என ஒவ்வோர் ஆறாவது பெயரையும் தெரிந்தெடுத்தேன்.

மாதிரியிற் சேராத பன்னிருவரிடம் வினாக்களை முன்னதாகவே பரிசோதித்தேன். “நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒழுங்காக வாசிப்பீர்களா?” என்ற வினாவுக்குப் பன்னிருவரும் ‘ஆம்’ என்றனர். எல்லோரிடமும் ஒரே விடையைப் பெறும் வினா எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. வினவியபோது, ‘ஒழுங்காக’ என்பது ஒருவருக்கு நாள்தோறும் என்றும், மற்றொருவருக்குப் பரீட்சைக் காலத்தில் என்றும் பொருள்பட்டமை புலனாயிற்று. சஞ்சிகை மட்டும் வாசிப்பவரும் ‘ஆம்’ என்றே கூறியிருந்தார். ஆகவே அவ்வினாவை நீக்கி, “கடந்த ஏழு நாட்களிலே பாடத்துக்குப் புறம்பான நூல் எதனையேனும் வாசித்தீர்களா? அதன் பெயர் யாது?” எனக் கேட்டேன். சஞ்சிகைக்குத் தனி வினா அமைத்தேன். நூலின் பெயரைக் கேட்டதும் வீண்பெருமை குறைந்தது. பரீட்சை வாரத்திலே இவ்வினா பிழையான சித்திரத்தைத் தரும் என்பதால், தவணையின் நடுப்பகுதியிலேயே வினாக்கொத்தை வழங்கினேன்.

நூற்றுவருள் 81 பேரே விடையளித்தனர். அவர்களுள் 54 பேர் நூல் வாசித்திருந்தனர். இதனை 67 வீதம் என எழுதி முடித்திருக்கலாம். ஆனால் விடையளிக்காத 19 பேரும் வாசியாதோராயின் அது 54 வீதமாகும். அனைவரும் வாசிப்போராயின் 73 வீதமாகும். குறையை ஒப்புக்கொண்டால் புள்ளி குறையும் என நண்பர்கள் அஞ்சுகின்றனர். நீக்கிய வினாவையும், பெயர்ப்பட்டியலையும், விடையளிக்காத பத்தொன்பது பேரையும் கூறாத பந்தி முறையியலன்று, வெறுஞ் சடங்கே. அச்சடங்குக்குப் புள்ளி வழங்கும் வழக்கத்தை நம் விரிவுரையாளர்களும் கைவிடல் வேண்டும்.