ராத்திரியில் டேட்டாவை அணைப்பது யார்?



கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்து செர்டாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீடு செம்பனைத் தோட்டத்துக்குள். மகனுக்கு சிங்கப்பூரில் இரண்டாம் ஷிப்ட் வேலை. “ராத்திரி பதினொரு மணிக்கு மேல அவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டா எனக்கு மணியே அடிக்கிறதில்ல. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கைப்பேசியைத் திறந்தா டேட்டா இல்ல. கொஞ்ச நேரத்தில் அதுவா வருது, பிறகு ராத்திரி அனுப்பினதெல்லாம் ஒண்ணா வந்து கொட்டுது. நான் எதையும் தொடல ஐயா. சிம் கெட்டுப்போச்சா? கைப்பேசியை மாத்தணுமா?”

சிம்மும் கெடவில்லை, கைப்பேசியும் கெடவில்லை அம்மா. சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்பதற்காக மின் சேமிப்பை எப்போதும் போட்டே வைத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது. பல தோட்டத்து வீடுகளில் இதே குறை இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

கைப்பேசியில் பேட்டரியைத் தின்பது திரை மட்டுமல்ல, கோபுரத்தோடு பேசும் ரேடியோவும்தான். ஒரு சின்ன செய்தி வந்தாலும் அந்த ரேடியோ விழித்துக்கொள்கிறது. செய்தி இறங்க ஒரு நொடி போதும். ஆனால் அடுத்தது ஏதும் வருமோ என்று அதற்குப் பிறகும் பத்து நொடி அளவுக்கு அது விழித்தே இருக்கும். 4ஜி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு வணக்கப் படத்துக்கும், பின்னணியில் ஒவ்வொரு செயலியும் செய்யும் சரிபார்ப்புக்கும் அந்தப் பத்து நொடிச் செலவு உண்டு.

தோட்டத்தில் இது இன்னும் கூடும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் கைப்பேசி மெல்லிய குரலில் பேசினால் போதும். தூரமாகி, இடையில் மேடும் அடர்ந்த செம்பனை ஓலைகளும் வந்துவிட்டால் அது குரலை உயர்த்த வேண்டும். சாதாரண 4ஜி கைப்பேசி அனுப்பக்கூடிய உச்ச சக்தி 0.2 வாட். பட்டணத்தில் அந்த உச்சத்துக்கு அதிகம் போகத் தேவையில்லை. சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் லயத்து வீட்டில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அதனால்தான் பட்டணத்துப் பிள்ளையின் கைப்பேசியில் ஒரு நாள் முழுக்க நிற்கிற சார்ஜ், அதே கைப்பேசியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் சாயங்காலமே தீருகிறது. நம்மவர்கள் மின் சேமிப்பைப் போடுவது வெறும் சிக்கனத்துக்கல்ல, வேறு வழியில்லாமல்தான்.

இனி, அந்த மின் சேமிப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கூகுள் தரும் அடிப்படை ஆண்ட்ராய்டில் Battery Saver டேட்டாவை அணைப்பதில்லை. முக்கியமாகப் பின்னணியில் ஓடும் செயலிகளை அது கட்டுப்படுத்துகிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து Doze என்ற ஓர் ஏற்பாடும் உண்டு. சார்ஜரில் மாட்டாமல், அசையாமல், திரை அணைந்து நெடுநேரம் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் இணையத் தொடர்பை நிறுத்தி, இடையிடையே மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். அப்போதும் வாட்ஸ்அப் அழைப்பு போன்ற அவசரத் தகவலுக்கு வழி விட்டிருக்கிறார்கள்.

டேட்டாவையே அணைப்பது கைப்பேசி தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்த வேலை. 2014-இல் வந்த சாம்சங் எஸ்5-இன் உச்ச சேமிப்பு முறையில், திரை அணைந்தால் டேட்டாவும் அணையும். ஷாவ்மி கைப்பேசிகளில் பேட்டரி அமைப்புக்குள் Turn off mobile data when device is locked என்று ஒரு வரி இருக்கிறது. பூட்டிச் சில நிமிடம் ஆனதும் டேட்டா நிற்கும், திறந்ததும் திரும்பி வரும். ஓப்போ, ரியல்மி போன்றவற்றில் Sleep standby optimization இருக்கும். நீங்கள் தூங்கும் நேரத்தைக் கற்றுக்கொண்டு அந்த நேரத்தில் இணையத்தைத் துண்டிப்பது அதன் வேலை.

பகலில் இது ஏன் தெரிவதில்லை? பகலில் நேரம் பார்க்கவாவது கைப்பேசியை அடிக்கடி எடுத்துத் திறக்கிறோம், டேட்டா உடனே திரும்பிவிடுகிறது. இரவில் ஆறு மணி நேரம் யாரும் தொடுவதில்லை.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதானா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தூக்க நேரத்தில் மட்டும் துண்டிக்கும் அமைப்பு என்றால் மாலையில் அது தெரியாது. மாலையில், சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில், மின் சேமிப்பு போட்டபடியே கைப்பேசியைப் பூட்டி ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். சார்ஜரில் மாட்ட வேண்டாம். பிறகு மகனை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அவர் திரையில் ஒரே ஒரு டிக் நின்றால் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் அவர் சாதாரண அழைப்பு செய்து அது மட்டும் மணியடித்தால், சிக்னல் இருக்கிறது, டேட்டாதான் நின்றிருக்கிறது. மின் சேமிப்பை நிறுத்திவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு டிக் வந்துவிட்டால் குற்றவாளியைப் பிடித்தாயிற்று. அப்போதும் ஒரே டிக் என்றால் மின் சேமிப்புக்குள் அடங்காத வேறொரு தூக்க அமைப்பு இருக்கலாம், அல்லது பிரிபெய்ட் டேட்டா பாஸ் முடிந்திருக்கலாம். நாள் கணக்குப் பாஸ் சில நள்ளிரவோடு தீர்ந்துவிடும். அது கைப்பேசியின் பிழையல்ல.

சரிசெய்ய மின் சேமிப்பையே கைவிட வேண்டியதில்லை. மேலே சொன்ன Turn off mobile data வரியைத் தேடி அதில் Never என்று வையுங்கள், தூக்க நேர அமைப்பு இருந்தால் அணையுங்கள். பிறகு செயலிகள் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அதன் பேட்டரிப் பகுதியில் Unrestricted அல்லது No restrictions என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் ஒன்றுக்கு மட்டும் செய்தால் போதும். எல்லாச் செயலிக்கும் திறந்துவிட்டால் சார்ஜ் பழையபடி ஓடிவிடும். மென்பொருள் புதுப்பிப்பு வந்த பிறகு இவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இத்தனை செய்தும், கோபுரம் எட்டாத மூலையில் படுக்கை இருந்தால் பலனில்லை. கைப்பேசியை சிக்னல் கிடைக்கும் சன்னலோரம் வைத்து அங்கேயே சார்ஜ் போடுங்கள். மின்சாரத்தில் மாட்டியிருக்கும்போது Doze வேலை செய்யாது என்பது கூடுதல் லாபம்.

என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்மாவையும் மகனையும் இரவு முழுக்கத் துண்டிக்கும் ஓர் அமைப்பை, திரையில் ஒரு வரிகூடச் சொல்லாமல் பின்னால் ஓடவிடுவது சரியில்லை. ‘இனி டேட்டா நிற்கும்’ என்று முதல் நாளே கேட்டு அனுமதி வாங்க வேண்டும், அதுவும் தோட்டத்து மக்கள் படிக்கும் மொழியில்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் அவசரம் என்றால் வாட்ஸ்அப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒரே டிக் நின்றால் உடனே சாதாரண எண்ணில் கூப்பிடுங்கள். அந்த அழைப்பு டேட்டா அணைந்திருந்தாலும் வந்து சேரும். அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது அம்மாவின் கைப்பேசியை வாங்கி, பத்து நிமிடம் உட்கார்ந்து இந்த அமைப்புகளை நீங்களே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்