‘கட்டாயம் வந்துடுறோம்’ என்பது மரியாதை அல்ல

விசேஷத்துக்கு அழைப்பு வைத்தவரிடம் “இன்னும் தெரியவில்லை, புதன்கிழமை மாலைக்குள் உறுதியாகச் சொல்கிறேன்” என்று பதில் சொல்வது திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் முகச்சுளிப்புக்குரிய காரியமாகவே இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு பத்திரிகை நீட்டுகிறவரின் முகத்துக்கு நேரே சந்தேகத்தைச் சொல்லக் கூடாது, வர முடியுமோ முடியாதோ, “கட்டாயம் வந்துடுறோம்” என்று வாய் நிறையச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. வராமல் போனால் மறுநாள் காரணம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நம்பிக்கை தவறானது. அதன் செலவு அழைத்தவரின் தலையில் விழுகிறது. சொன்னவருக்கோ நல்ல பெயர் மிஞ்சுகிறது.

விசேஷம் சொந்த வீட்டு முற்றத்தில் நடந்த காலத்தில் இந்த வழக்கத்தால் பெரிய கேடில்லை. தெருவே வரும், எத்தனை பேர் என்பது தவசிப்பிள்ளைக்கு ஏறக்குறைய முன்பே தெரியும், மீந்தால் தெருவே கொண்டுபோகும். கரமனையிலோ வலியசாலையிலோ மண்டபம் எடுத்து, இலைக்கு இவ்வளவு என்று பேசி சத்யை ஏற்பாடு செய்யும் இன்றைய நடைமுறை வேறு. ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதே பொதுவான பேச்சு.

சமையல் எந்த நாளில் பூட்டப்படுகிறது என்று பார்த்தால்தான் பதிலுக்குக் கெடு ஏன் வேண்டும் என்பது புரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் 100 இலை அளவில் ஒரு அறுபதாம் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் வெள்ளிக்கிழமையே பொரித்து ஆற வேண்டும். இஞ்சிக் கறியும் முன்கூட்டியே ஆகிவிடும். சாலைக் கடைத்தெருவில் காய்கறியும் வாழையிலையும் சனிக்கிழமை எடுக்கிறார்கள். அன்றிரவு காய் நறுக்கு. ஆக, சமையல்காரர் கடைசி எண்ணிக்கை கேட்பது வியாழக்கிழமை இரவு. அதற்குப் பிறகு கூடுதலாகப் பத்துப் பேர் வந்தால் சாம்பாரும் ரசமும் ஈடுகொடுக்கும். சோறு இன்னொரு உலை வைத்துவிடலாம். போளி ஈடுகொடுக்காது. திருவனந்தபுரத்துச் சத்யையில் பால் பாயசத்தோடு பிசைந்து சாப்பிடும் போளி இலைக்கு ஒன்று என்று எண்ணிச் சொல்லி வைப்பது. அடைப்பிரதமனையும் கடைசி நேரத்தில் தண்ணீர் விட்டுப் பெருக்க முடியாது. பெருக்கினால் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும்.

இனி, அழைக்கப்பட்ட 120 பேரில் 70 பேர் உறுதி, 15 பேர் வரவில்லை, மீதி 35 பேர் உண்மையில் நிச்சயமில்லாதவர்கள் என்று கொள்வோம். அந்த 35 பேரும் மரியாதைக்காகக் ‘கட்டாயம்’ என்று சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் 105 இலை சொல்வார். பாதிப் பேர் வராவிட்டால் பதினேழு பதினெட்டு இலை வீண். பட்டறிவுள்ள வீட்டுக்காரர் இந்தக் ‘கட்டாய’த்தை நம்பாமல் தானே கழித்து 85 இலை சொல்கிறார், அன்றைக்கென்று அத்தனை பேரும் வந்து நின்றால் கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லை. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? காலையிலிருந்து ஓடியாடிய வீட்டுக்காரர்கள்தான். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வதால் உறுதியான வரவும் உபசாரப் பேச்சும் அவர் காதில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பொய்யான ‘கட்டாயம்’ செய்யும் முதல் தீங்கு இதுதான்: உண்மையாக வருகிறவரின் வாக்கையும் அது மதிப்பிழக்கச் செய்கிறது.

அதே 35 பேரும் புதன்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. பெரும்பாலோர் அன்றைக்குள் பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரர் வியாழக்கிழமை காலையில் பதில் வராத ஐந்தாறு பேரை மட்டும் அழைத்துக் கேட்டால் போதும்.

“பார்க்கலாம்”, “முடிந்தால் வருகிறேன்” என்பவர்கள் தாங்கள் நேர்மையாகவே பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். நாள் குறிக்காத சந்தேகம் பாதிப் பதில்தான். நாள் குறித்தால் மட்டும் போதாது. அந்த நாள் யாருடைய நாள் என்பது முக்கியம். சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வர நினைக்கும் உறவினர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. அவர் தாமதமாகப் போட்டு, காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார். “டிக்கெட் உறுதியானதும் சொல்கிறேன்” என்கிறார். இறுதிப் பட்டியல் தயாராவதோ வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அதாவது சனிக்கிழமை. அப்போது காய்கறி சாலையிலிருந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அவர் சொல்ல வேண்டிய பதில் இப்படி இருக்கும்: “மாமா, டிக்கெட் இன்னும் வெயிட்டிங்கில இருக்கு. நாங்க மூணு பேரு. புதன்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்றேன். என் போன் வரலேன்னா எங்களக் கணக்குல எடுத்துக்க வேண்டாம்.”

இந்தப் பதிலில் தடை எது, எத்தனை பேர், எந்த நாள், பேச்சில்லாவிட்டால் என்ன பொருள் என்பதெல்லாம் இருக்கின்றன. பலரும் விட்டுவிடுவது கடைசியில் உள்ளதைத்தான். அது இல்லாவிட்டால் வியாழக்கிழமை இரவு வீட்டுக்காரர்தான் போனைத் தூக்க வேண்டும். புதன்கிழமையிலும் பட்டியல் நகரவில்லை என்றால் அந்த உறவினர் பேருந்துக்கு மாறலாம், அல்லது வரவில்லை என்று சொல்லலாம். சனிக்கிழமை வரை சமையல்காரரைக் காத்திருக்கச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. கெடு நாள் தெரியாவிட்டால் “சமையலுக்கு எப்போ ஆள் கணக்குச் சொல்லணும்?” என்று கேட்டுக்கொள்ளலாம், அந்தக் கேள்வியால் எந்த வீட்டுக்காரரும் புண்பட மாட்டார்.

ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் ஒரு குடும்பத்தின் பதிலால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. தனித்தனிக் குடும்பங்களின் சந்தேகங்கள் பெரிய கூட்டத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். அனுபவப்பட்ட சமையல்காரரின் கணக்கு பெரும்பாலும் பிசகாது. சேர்ந்து வருகிற, சேர்ந்து வராமல் போகிற கூட்டத்துக்கு இது பொருந்தாது. நாகர்கோவிலிலிருந்து ஐம்பது பேர் ஒரே வண்டியில் கிளம்புவதாக இருந்து, வண்டி ரத்தானால் ஐம்பது இலையும் ஒரேயடியாகக் காலி. அலுவலகம் முழுவதையும் அழைத்து, அன்றைக்கு அங்கே அவசர வேலை வந்தாலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட கூட்டத்தின் சார்பில் ஒருவர் நாள் குறித்துப் பதில் சொல்வது, ஆயிரம் பேர் கல்யாணத்திலும் அவசியமாகிறது.

இடம் எண்ணி வைத்த விசேஷத்தில் பொய்யான ‘கட்டாயம்’ இன்னும் கொடியது. 2020-இல் கொரோனாக் கட்டுப்பாட்டால் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தபோது, வர மனமில்லாமல் தலையாட்டிய ஒருவர் வர ஏங்கிய இன்னொருவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்.

நாள் குறித்துப் பதில் சொல்லும் முறைக்கும் எல்லை உண்டு. வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான் என்று தெரிந்தவர் கெடு கேட்பது, ‘இல்லை’ என்று சொல்லத் தயங்குவதன் இன்னொரு வடிவம். அவர் அப்போதே வரவில்லை என்று சொல்லிவிட்டு, பின்னால் வழி பிறந்தால் கெடு நாளுக்குள் இடம் உண்டா என்று கேட்கலாம். மாலையில் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லும் அழைப்புக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. உறுதி சொன்ன பிறகு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்துவிட்டால், கெடு கடந்துவிட்டதே என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. இலைக்குப் பணம் போனது போனதுதான். ஆனாலும் சனிக்கிழமை காலைக்குள் தகவல் தெரிந்தால் வீட்டுக்காரர் அந்த இலைகளுக்கு அடுத்த வீட்டுக்காரரை அழைத்துக்கொள்வார்.