கேபிளா, கேசிங்கா, ஹார்டு டிஸ்க்கா?

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். "தம்பி, போட்டோ எல்லாம் நல்லா காப்பி ஆகுது. வீடியோ ஃபோல்டரைப் போட்டா மட்டும் பாதியிலேயே நின்னுடுது. கடையில காட்டினேன், டிஸ்க் போயிடுச்சு, உள்ளே இருக்கிறதை எடுக்கத் தனியா செலவாகும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அது அவருடைய கல்யாண வீடியோ, மொத்தம் 186 ஜி.பி. அவருடைய அப்பா இப்போது இல்லை. அவர் நடந்து, பேசி, சிரிப்பது இருக்கிற ஒரே பதிவு அதுதான். பழைய லேப்டாப்பில் இருந்த 1 டி.பி. டிஸ்க்கைக் கழற்றி, கடையில் வாங்கிய ஒரு கேசிங்கில் போட்டு, யூ.எஸ்.பி. வழியாகப் புது லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியதும் திரையில் 0x8007045D என்ற எண்ணோடு 'I/O device error' என்று வந்து நின்றுவிடுகிறது.

இந்த எண்ணைப் பார்த்ததும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் செய்தி 'கேட்டேன், பதில் வரவில்லை' என்பதை மட்டும்தான் சொல்கிறது. பதில் வராததற்கு டிஸ்க் காரணமாக இருக்கலாம். டிஸ்க்கின் மொழியை யூ.எஸ்.பி. மொழிக்கு மாற்றித் தருகிற, கேசிங்குக்குள் இருக்கும் சின்னப் பலகையாக இருக்கலாம். வெளியே தொங்கும் கேபிளாகவும் இருக்கலாம். சின்ன போட்டோக்கள் போகும்போது மூன்றுக்கும் நடுநடுவே மூச்சு விட நேரம் கிடைக்கும். பெரிய வீடியோ போகும்போது நொடிக்கு நூறு எம்.பி. வீதம் இடைவிடாமல் வேலை. பலவீனம் அப்போதுதான் வெளியே வரும்.

முதலில் செய்யக் கூடாதவை இரண்டு. 'டிஸ்க்கைச் சரிசெய்யட்டுமா', 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் அறுந்துபோகும் இணைப்பில் சரிசெய்கிறேன் என்று எழுத ஆரம்பித்தால், நன்றாக இருக்கும் ஃபைல்களும் கெட்டுப்போகலாம். அடுத்து, 'கட்' செய்து மாற்றாதீர்கள். 'காப்பி' மட்டும் போதும்.

அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "ஒவ்வொரு தடவையும் அதே ஃபைல்லதான் நிக்குதா, இல்ல அதே நேரத்துல நிக்குதா?" அவருக்குத் தெரியவில்லை. ஃபோல்டரின் தொடக்கத்திலிருந்தே எப்போதும் ஆரம்பித்ததால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். இந்தத் தடவை கடைசி ஃபைலில் ஆரம்பித்து, பின்னாலிருந்து முன்னே காப்பி செய்தோம். மறுபடியும் கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடத்தில் நின்றது, ஆனால் வேறு ஃபைலில். முன்பு நின்ற அந்த ஃபைலைத் தனியாக எடுத்துக் காப்பி செய்தால் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. டிஸ்க்கின் பரப்பில் ஓரிடம் கெட்டிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதே ஃபைலில்தான் தடுக்கும். அந்த ஃபைலைத் தனியாக எடுத்தாலும் தடுக்கும். கேபிள் தளர்வாக இருந்தால் நேரம் காலம் இல்லாமல் அறுக்கும். கையால் லேசாக அசைத்தால் 'டிங்' என்ற சத்தத்தோடு இணைப்பு போய்வரும். குறிப்பிட்ட நேரம் ஓடிய பிறகே நிற்கிறது, உடனே மறுபடி ஆரம்பித்தால் மூன்றே நிமிடத்தில் நிற்கிறது, அரை மணி ஆறவிட்டால் பழையபடி பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்றால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அக்கா கேசில் இதுதான் நடந்தது.

இருந்தாலும் சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. டிஸ்க்கிடமே கேட்டுவிடலாம் என்று CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளைத் திறந்தோம். அதில் நீண்ட பட்டியல் வரும். நான்கு வரிகள் போதும். 05, C5, C6 ஆகிய மூன்றும் கெட்ட இடங்களைப் பற்றியவை. இவற்றுக்கு நேராகக் கடைசியில் உள்ள Raw Values எல்லாம் சைபர் என்றால் நல்லது. C5-ல் எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், மற்ற சோதனை எல்லாம் வேண்டாம். முக்கியமானதை முதலில் எடுத்துக்கொண்டு டிஸ்க்குக்கு விடைகொடுங்கள். நான்காவது C7. இதைப் பலரும் யூ.எஸ்.பி. கேபிளின் பிழைக் கணக்கு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிஸ்க்குக்கும் கேசிங்குக்குள் இருக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இணைப்பில் வந்த பிழைகளைத்தான் அது எண்ணுகிறது. வெளியே இருக்கும் கேபிளைப் பற்றி டிஸ்க்குக்கு ஒன்றும் தெரியாது. இந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது. எனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், காப்பிக்கு முன்பும் பின்பும் ஏறுகிறதா என்று பாருங்கள். சில கேசிங்குகள் இந்தப் பட்டியலையே வெளியே விடாது. அப்போது இந்த வழி கிடையாது.

அக்காவின் டிஸ்க்கில் முதல் மூன்றும் சைபர். C7-லும் ஏற்றமில்லை. விண்டோஸின் Event Viewer-ல் System பகுதியைப் பார்த்தோம். டிஸ்க்கில் கெட்ட இடம் இருந்தால் அங்கே 7 என்ற எண்ணோடு 'bad block' என்று எழுதியிருக்கும். எங்களுக்கு வந்தது 129, 'Reset to device'. அதாவது எதிர்முனை பேச்சுமூச்சில்லாமல் போக, விண்டோஸ் தட்டி எழுப்பப் பார்த்திருக்கிறது.

அடுத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். நீல நிற யூ.எஸ்.பி. 3 துளையை விட்டுவிட்டு, பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் சொருகினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். புது லேப்டாப்புகள் பலவற்றில் அந்தத் துளை இருப்பதில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கேசிங்கில் இருப்பது அகலமான, இரண்டு பகுதியாகப் பிரிந்த துளை என்றால், அதன் பெரிய பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் டேட்டா கேபிள் கச்சிதமாக உட்காரும். அது யூ.எஸ்.பி. 2 வேகத்தில்தான் ஓடும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அந்தக் கேபிளில் கரன்ட் போதாமல் இருக்கலாம். உடனே கழற்றிவிட்டு வேறு கேபிள் பாருங்கள்.

நொடிக்கு 35 எம்.பி. வேகத்தில், ஒன்றரை மணி நேரத்தில், 186 ஜி.பி.யும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. அக்கா அங்கேயே அழுதுவிட்டார். நோய் என்ன என்று கண்டுபிடிக்கும் முன்பே உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது என்பதால், இந்தச் சோதனையை நான் எப்போதும் முன்னால் வைப்பேன். டிஸ்க்கின் மீதான சந்தேகமும் இதில் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. ஆனால் குற்றவாளி கேபிளா, கேசிங்கா என்பதை இது சொல்லாது. வேகம் குறைந்ததும் இரண்டுக்குமே சுமை குறைந்துவிடுகிறது அல்லவா?

இனிமேல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் துளையையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சோதிக்கும்போது எழுதவும் வேண்டாம். படிக்க மட்டும் வைப்போம். பவர்ஷெல்லைத் திறந்து இதைக் கொடுத்தால், அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட அடையாள எண் தரும்:

```
Get-FileHash E:\Kalyanam\*
```

E என்பதற்குப் பதில் உங்கள் டிஸ்க்கின் எழுத்தைப் போடுங்கள். லேப்டாப்பில் எதுவும் எழுதப்படாததால், எழுதும் பக்கத்துக் கோளாறோ என்ற சந்தேகமும் இதில் ஒழிந்துவிடும்.

பழைய கேபிளோடு ஓட்டினோம். பன்னிரண்டு நிமிடத்தில் பிழை. அரை மணி ஆறவிட்டு, என்னிடமிருந்த ஒரு அடி நீளப் புதுக் கேபிளைப் போட்டு ஓட்டினோம். பதின்மூன்றாவது நிமிடத்தில் பிழை. கேபிள் விடுதலை. சூடு என்றால் ஆற்றிப் பார்க்கலாமே என்று, கேசிங்கின் மூடியைத் திறந்து மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பினோம். இருபத்தாறு நிமிடம் தாக்குப்பிடித்தது. சூடு ஏறினால் மயங்கி விழுவது டிஸ்க்கா, பலகையா என்பது மட்டும்தான் மிச்சம்.

அதற்கு ஆளை மாற்றி உட்கார வைப்பதுதான் வழி. டிஸ்க்கைக் கழற்றி என்னுடைய கேசிங்கில் போட்டோம். அதே கேபிள், அதே துளை. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி, முழு ஃபோல்டரையும் படித்து முடித்தது. பிறகு என்னுடைய பழைய டிஸ்க் ஒன்றை அக்காவின் கேசிங்கில் போட்டு, மூடியை மூடிப் படிக்க வைத்தோம். பதினான்காவது நிமிடத்தில் அதே பிழை. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் பாதியில் சரியானது, கழற்றி மாட்டியதில் தளர்ந்த இணைப்பு இறுகியதாலும் இருக்கலாம். நல்ல டிஸ்க்கும் அதே கேசிங்கில் விழுந்தால்தான் கேசிங் குற்றவாளி.

இந்த மாற்றம் எல்லாருக்கும் முடியாது. கடையில் மூடிய பெட்டியாகவே வாங்கும் போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில், யூ.எஸ்.பி. துளை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உடைத்துத் திறந்தாலும் வேறு கேசிங்கில் மாட்ட வராது. சிலவற்றில் தகவலைப் பூட்டி வைக்கும் சாவியே அந்தப் பலகையில் இருக்கும். வேறு வழியில் இணைத்தால் டிஸ்க் காலியாகத் தெரிந்து ஃபார்மேட் கேட்கும். அப்படிப்பட்ட டிஸ்க் வைத்திருப்பவர்கள் கேபிள், துளை, குறைந்த வேகம், ஃபேன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. யூ.எஸ்.பி. ஹப் வழியாக இணைத்திருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சொருகிப் பாருங்கள்.

இன்னொன்று. நொடிக்கு நூறில் ஆரம்பித்த வேகம் முப்பது, இருபது என்று இறங்குவது மட்டும் பிழை இல்லை. சின்ன ஃபைல்கள் நிறைய வந்தாலும், டிஸ்க் நிறைந்திருந்தாலும் அப்படி ஆகும்.

கடைசியாக, லேப்டாப்புக்கு வந்துசேர்ந்த ஃபைல்களுக்கும் அதே கட்டளையைக் கொடுத்து, இரண்டு பக்க அடையாள எண்களையும் ஒப்பிட்டோம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் மொத்தமாக வேறாகிவிடும். எல்லாம் பொருந்தின. மறுநாள் அக்கா இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டாவது நகலும் எடுத்துக்கொண்டார்.

"இந்த கேசிங்கைத் தூக்கிப் போட்டுடவா தம்பி?" என்று கேட்டார். போட்டுவிடச் சொன்னேன். அலமாரியில் இருந்தால் என்றைக்காவது அவசரத்துக்கு யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள். மறுபடி ஒரு டிஸ்க்குக்குச் சாவு எழுதிவிடுவார்கள்.